ஒரு பஸ் வாசகம், ஆறு சொற்கள், மூன்று முறை திருத்திய பதவுரை

எங்கள் அலுவலகத்தில் நாக்பூரிலிருந்து வந்து சேர்ந்த தங்கை ஒருத்தி இருக்கிறாள். தாய்மொழி மராத்தி. தமிழ் எழுத்துக்களை ஒரு வருடத்தில் தானாகவே கற்றுக்கொண்டுவிட்டாள். எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள், பொருள்தான் பாதி இடங்களில் கைக்கு வருவதில்லை. ஒரு நாள் காலை டவுன் பஸ்ஸிலிருந்து எனக்கு ஒரு புகைப்படம் அனுப்பினாள். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் தகரத்தில் எழுதப்பட்ட ஒரு வரி. கூடவே ஒரு கேள்வி: "அக்கா, எந்தக் கேட்டை மூடச் சொல்கிறார்கள்?"

வரி இது: சரியான சில்லரை கொடுத்து பயணசீட்டை கேட்டு பெறவும்.

கேட்டும் இல்லை, மூடுவதும் இல்லை. "கேட்டு" என்ற எழுத்துக்களை அவள் எங்கள் அலுவலக வாசலோடு முடிச்சுப் போட்டுவிட்டாள். காவலர் நாள் முழுவதும் சொல்லும் சொல் அது. அவள் மேல் பிழையில்லை. வாய்மொழியாகப் பொருள் சொல்லி அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஆறே சொல் கொண்ட இந்த வரியில் அவளுக்கு இன்னும் ஓராண்டுக்குத் தொல்லை தரப்போகிற சங்கதிகள் எல்லாம் இருப்பதைக் கண்டதும், முறையாக ஒரு பதவுரை எழுதிக் கொடுப்போம் என்று உட்கார்ந்தேன். ஒரு மாலையில் முடியும் என்று போட்ட கணக்கு மூன்று மாலைகளுக்கு நீண்டது.

முதல் வேலை, படத்தில் உள்ளதை உள்ளபடி எழுதிக்கொள்வது. இது எளிது போலத் தோன்றும். நம் கண் தமிழில் ஊறிய கண். எழுத்து தேய்ந்திருந்தாலும் தானே நிரப்பிக்கொள்ளும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது "சில்லரை"யில் முதல் ல் மேலிருக்க வேண்டிய புள்ளி உரிந்து போயிருந்தது. அவள் அதை "சிலலரை" என்று படித்து, அப்படியே அகராதியில் தேடி, வெறுங்கையோடு திரும்பியிருக்கிறாள். பெயின்ட் உரியும்போது முதலில் போவது புள்ளிதான். (ஓலைச்சுவடிகளில் புள்ளியே வைக்காமல் எழுதினார்கள், படிக்கிறவன் மொழி தெரிந்தவன் என்ற நம்பிக்கை. தங்கைக்கு அந்தச் சலுகை செல்லாது.) ஆகவே ஒவ்வொரு மெய்க்கும் புள்ளி உண்டா என்று படத்தில் விரல் வைத்துச் சரிபார்த்தேன்.

அடுத்து எழுத்துப்பிழைகள். பலகையில் இருப்பது "சில்லரை". அகராதியில் இருப்பது "சில்லறை". "பயணசீட்டை" என்பதில் ஒரு ச் குறைகிறது. "கொடுத்து", "பயணசீட்டை", "கேட்டு" மூன்றின் பின்னும் வர வேண்டிய வல்லின மெய் ஒன்றுகூட வரவில்லை. முதலில் இவற்றைத் திருத்தி எழுதிவிட்டுப் பலகை வரியை மறந்துவிட்டேன். அது தவறு என்பது அவள் என் தாளையும் தன் படத்தையும் அருகருகே வைத்துக்கொண்டு, "இது வேறு வாசகமா?" என்று கேட்டபோதுதான் உறைத்தது. பிறகு இரண்டையும் வைத்தேன்: பலகையில் கண்டது ஒரு பக்கம், சீர்செய்தது அதற்குப் பக்கத்தில்.

சீர்செய்த வடிவம்: சரியான சில்லறை கொடுத்துப் பயணச்சீட்டைக் கேட்டுப் பெறவும்.

இனிப் பிரிப்பது. பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்த பகுபத உறுப்பிலக்கணம் கைகொடுக்கும் என்று நம்பினேன். பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம் என்று ஆறு உறுப்புகள். அந்த முறைப்படி "கேட்டு" என்பதை கேள் + ட் + உ என்று பிரித்து, "ள் ட் ஆனது விகாரம், ட் இறந்தகால இடைநிலை, உ வினையெச்ச விகுதி" என்று எழுதினேன். "கொடுத்து" என்பதைக் கொடு + த் + த் + உ என்று நான்காக்கி, முதல் த் சந்தி, இரண்டாவது த் இறந்தகால இடைநிலை என்றேன். ஒரு எழுத்தும் பிசகவில்லை. என் தமிழாசிரியர் பார்த்திருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பார். தங்கை பார்த்துவிட்டு, "இதில் 'கேட்பது' எங்கே இருக்கிறது?" என்றாள். நியாயமான கேள்வி. துண்டுகள் மிகுந்து போனதால் சொல்லே கண்ணில் படவில்லை.

மொழியியலில் இதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஜெர்மனியின் லீப்ஸிக் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் தொகுத்த விதிகள் என்பதால் லீப்ஸிக் விதிகள் என்றே பெயர். அவற்றில் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒன்று: சொல்லை எத்தனை சிறு கோட்டால் பிரிக்கிறோமோ, பொருள் எழுதும் இடத்திலும் அத்தனை கோடு இருக்க வேண்டும். மற்றொன்று: ஒரு துண்டின் பொருளைச் சொல்ல இரண்டு சொல் தேவைப்பட்டால் அவற்றுக்கு நடுவே புள்ளி. இந்த முதல் விதி ஒரு கடுமையான கணக்கப்பிள்ளை. பொருள் சொல்ல முடியாத துண்டை வெட்டினால், எதிர்ப்பக்கத்தில் எழுத ஒன்றும் இல்லாமல் கை நின்றுவிடும். சந்தி த் என்பதற்கு என்ன பொருள் எழுதுவது? ஆகவே அதை வெட்டக்கூடாது. "த்து" முழுவதும் ஒரே துண்டு.

இன்னொரு சில்லறைத் தொல்லை. ஆறு சொல்லையும் குறுக்காக எழுதி, ஒவ்வொன்றின் கீழும் பொருள் வருமாறு இடைவெளி தட்டிப் பார்த்தேன். என் கணினியில் ஒழுங்காக நின்றது அவள் கைபேசியில் சரிந்து, "கேட்டு" என்பதன் பொருள் "பெறவும்" கீழே போய் உட்கார்ந்தது. தமிழ் எழுத்துக்களின் அகலம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. எழுத்துரு மாறினால் எல்லாம் மாறும். இடைவெளித் தட்டலை விட்டுவிட்டு அட்டவணை போட்டு, சொற்களை மேலிருந்து கீழாக அடுக்கினேன். கைபேசியின் அகலத்துக்கு அதுவே பொருந்தியது.

| பலகையில் | சீர்செய்தது | பிரித்தது | பொருள் |
|---|---|---|---|
| சரியான | சரியான | சரி-(ய்)ஆன | பொருத்தம்-உள்ள |
| சில்லரை | சில்லறை | சில்லறை | சிறு.காசு |
| கொடுத்து | கொடுத்துப் | கொடு-த்து | தருதல்-முன்செயல் |
| பயணசீட்டை | பயணச்சீட்டைக் | பயணம்-சீட்டு-ஐ | போக்குவரவு-துண்டுத்தாள்-செயப்படுபொருள் |
| கேட்டு | கேட்டுப் | கேட்-டு (கேள்) | வேண்டுதல்-முன்செயல் |
| பெறவும் | பெறவும் | பெறு-அவும் | கையில்.வாங்குதல்-பணிவான.ஏவல் |

அடைப்புக்குறிக்குள் இருக்கும் ய் வெறும் பாலம். இகரமும் ஆகாரமும் நேரே மோதாமலிருக்க வரும் உடம்படுமெய். பொருள் இல்லாததால் அதற்குக் கோடு போடவில்லை. "கேட்டு" என்பதன் அருகே கேள் என்று எழுதியது அகராதிக்காக. "கேட்டு" என்று தேடினால் கிடைக்காது. கேள் என்று தேட வேண்டும். சீர்செய்த வரியில் சொற்களின் கடைசியில் தொங்கும் ப், க், ப் மூன்றும் அந்தந்தச் சொல்லுக்கு உரியவை அல்ல, அடுத்து வரும் சொல்லின் முதல் எழுத்து முன்கூட்டியே தலைகாட்டுகிறது, அகராதியைத் திறக்கும் முன் அவற்றைக் கழற்றி வைத்துவிடு என்று குறிப்பு எழுதினேன்.

இந்த அட்டவணையை வைத்துக்கொண்டு மராத்தியில் ஒரு வரி எழுதிக் காட்டச் சொன்னேன். அவளுக்குப் புரிந்ததா என்று சோதிக்க அதைவிட நல்ல வழி தெரியவில்லை. எழுதினாள்: சுட்டே பைசே தேஊன் திகீட் மாகூன் க்யாவே.

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சொல்லுக்குச் சொல் அதே வரிசை. கொடுத்து என்ற இடத்தில் தேஊன், கேட்டு என்ற இடத்தில் மாகூன், பெறவும் என்ற இடத்தில் க்யாவே. தமிழ் திராவிடக் குடும்பம், மராத்தி இந்திய-ஆரியக் குடும்பம். ஆனாலும் வாக்கியம் கட்டும் விதத்தில் இரண்டும் பங்காளிகள். முதல் செயல்களை எச்சமாக வைத்துக்கொண்டே போய், கடைசி வினையில் வாக்கியத்தை முடிப்பது இரண்டுக்கும் பொது. நடுவில் "மற்றும்" தேவையில்லை. ஆக, இந்தச் சங்கிலியைப் பற்றி நான் எழுதி வைத்திருந்த அரைப் பக்கக் குறிப்பு அவளுக்கு வேண்டாதது. அடித்துவிட்டேன். ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன்: "கொடுத்து" என்பதில் இறந்தகாலக் குறி உள்ளே ஒளிந்திருக்கிறது, மராத்தியின் ஊன் விகுதியில் காலம் இல்லை. பயணி இன்னும் காசைக் கொடுக்கவேயில்லை, பின்னே ஏன் இறந்தகாலம் என்று அவள் குழம்பக்கூடாது. அந்தக் குறி நேற்று நடந்ததைச் சொல்வதற்கில்லை. பெறுவதற்கு முன்னால் கொடுத்தல் முடிந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்வதற்கு. அட்டவணையில் "முன்செயல்" என்று எழுதியதும் அதனால்தான்.

அவள் வரியில் இரண்டு இடங்கள் பொருந்தவில்லை. "சரியான" என்பதை விட்டிருந்தாள். ஏன் என்றால், "சரியான வெயில்" என்று அலுவலகத்தில் சொல்லக் கேட்டிருக்கிறாளாம். அங்கே கடுமையான என்று பொருள். "கடுமையான சில்லறை" அவளுக்கு விளங்கவில்லை. வெயில், மழை, திருடன் போன்ற சொற்களுக்கு முன்னால் மிகுதி. சில்லறை, விடை, நேரம் போன்றவற்றுக்கு முன்னால் பிசகாமை. ஒரே வரியில் எழுதி முடித்தேன்.

மற்றது பெரிய இடம். "திகீட்" என்பதில் வேற்றுமை உருபு எதுவும் இல்லை. மராத்தியில் உயிரற்ற பொருள் செயப்படுபொருளாக வந்தால் பெரும்பாலும் உருபு ஏற்பதில்லை. அதனால் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்து, அட்டவணைக்குத் திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறாள். சீட்டை என்பதில் ஐ இருக்கிறது. சரி. "சில்லறை" என்பதிலும் கடைசியில் ஐ ஒலி இருக்கிறதே! "அக்கா, சில்லற் என்ற சொல்லோடு ஐ சேர்ந்திருக்கிறது, நீங்கள் பிரிக்க மறந்துவிட்டீர்கள்" என்று என்னையே திருத்தி அனுப்பினாள்.

நாற்பது வருடமாகத் தமிழ் பேசுகிறேன். இந்த இரண்டு ஐயும் ஒன்று போல ஒலிக்கின்றன என்பது என் காதில் விழுந்ததேயில்லை. இதற்கு ஒரு சோதனை கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சொல்லோடு இன்னொரு ஐ சேர்த்துப் பார். சில்லறையை என்று வருகிறது. ஆகவே முதலில் இருந்த ஐ சொல்லின் உடம்பு. சீட்டையை என்று வராது. ஆகவே அந்த ஐ ஏற்கெனவே போட்ட உருபு. மலை, இலை, விலை, சேலை எல்லாம் சில்லறையின் கட்சி. பாட்டை, காட்டை, வீட்டை எல்லாம் சீட்டையின் கட்சி. புது மாணவருக்கு உருபில்லாத வடிவமே தெரியாது, பிறகு எப்படிச் சோதிப்பது என்று கேட்டால், சொல்லோடு ஐச் சேர்த்து, அது பேச்சிலோ புத்தகத்திலோ காணக்கிடைக்கிறதா என்று பார்க்கலாம். அல்லது அகராதியில் ஐயோடு ஒரு முறை, ஐயை எடுத்து உகரம் சேர்த்து ஒரு முறை தேடலாம். சில்லறை கிடைக்கும், சில்லறு கிடைக்காது. சீட்டை கிடைக்காது, சீட்டு கிடைக்கும். எடுத்த இடத்தில் உகரம் சேர்ப்பது ஏன் என்றால், சீட்டு என்பதன் கடைசி உகரம் குறுகி ஒலிக்கும் உகரம். உயிரெழுத்து வந்தால் விலகிக்கொள்ளும். இந்தக் குறுக்குவழி எல்லாச் சொல்லுக்கும் செல்லாது. மரத்தை என்பதிலிருந்து மரத்து வரை போகலாம், மரம் வரை போக இன்னொரு விதி வேண்டும். அதை அப்போது எழுதவில்லை.

இந்த இடத்தில்தான் பலகை எழுதியவர் விட்டுவிட்ட வல்லின மெய்களின் அருமை தெரிந்தது. சீர்செய்த வரியைப் பாருங்கள். "பயணச்சீட்டைக் கேட்டு" என்று க் வருகிறது. "சில்லறை கொடுத்து" என்பதில் க் வரவில்லை. இரண்டுமே ஐயில் முடிந்து, ககரத்தில் தொடங்கும் சொல்லைத் தொடுகின்றன. ஆனால் வெளிப்படையாக வந்த இரண்டாம் வேற்றுமை உருபின் பின் வல்லினம் மிகும்; உருபு மறைந்து நிற்கும் தொகையில் மிகாது. அச்சிட்ட நூல்களில் பிழையில்லாமல் எழுதியிருந்தால், எந்த ஐ உருபு என்று அந்தக் க் காட்டிக்கொடுத்துவிடும். நான் வெறும் எழுத்து மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்த விதி, படிக்கத் தெரியாதவளுக்கு வழிகாட்டிக் கம்பமாக நின்றது. பலகைகளில் இதை நம்ப முடியாது என்பதையும் சேர்த்தே எழுதினேன். சாட்சி அவள் எடுத்த படம்.

அப்புறம் அவள் கேட்கத்தானே செய்வாள்: சீட்டுக்கு உருபு உண்டு, சில்லறைக்கு இல்லை, ஏன்? இரண்டும் உயிரற்றவை, இரண்டும் செயப்படுபொருள். என் முதல் பதில் "காதுக்கு அப்படித்தான் வருகிறது" என்பது. அது பதிலாகாது. மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். "சில்லறையைக் கொடுத்து" என்றால் குறிப்பிட்ட ஒரு சில்லறை, முன்பே பேச்சில் வந்தது, இதோ இந்தச் சில்லறை என்று ஆகிவிடுகிறது. பலகைக்கு அது வேண்டாம்; எந்தக் காசாக இருந்தாலும் சரி. சீட்டு அப்படியல்ல. பயணிக்குச் சேர வேண்டிய அந்த ஒரு சீட்டு. "காப்பி குடித்தேன்" என்பதற்கும் "காப்பியைக் குடித்துவிட்டேன்" என்பதற்கும் உள்ள வேறுபாடுதான். இரண்டாவதில் எந்தக் காப்பி என்று கேட்பவருக்குத் தெரியும். ஆளாக இருந்தால் இந்தத் தேர்வே இல்லை, "தம்பியைப் பார்த்தேன்" என்று உருபு வந்தே தீரும். அது மராத்திக்காரிக்குப் பழக்கமான பாதி. பழக்கமில்லாத பாதி, உயிரற்ற பொருளும் குறிப்பிட்டதாக இருந்தால் உருபு கேட்கும் என்பது.

"கேட்டு" ஏன் அங்கே இருக்கிறது என்பதும் அதோடு சேர்ந்ததே. காசைக் கொடுத்தால் சீட்டு வரத்தானே வேண்டும், எதற்குக் கேட்பது? கூட்டத்தில் சீட்டு கைக்கு வராமல் போனாலும், அதைக் கேட்டு வாங்கும் பொறுப்பு பயணியுடையது என்கிறது பலகை. கடைகளில் "ரசீதைக் கேட்டுப் பெறவும்" என்று எழுதி வைப்பதும் இதே தொனி. கேள் என்ற வினைக்குச் செவியால் கேட்பது, வினவுவது, வேண்டுவது என்று பல பொருள். பின்னால் பெறு, வாங்கு போன்ற வினை வந்தால் மூன்றாவது பொருள்தான்.

மிஞ்சியது "பெறவும்". முதல் வரைவில் பெற-உம் என்று வெட்டி, உம் என்பதற்கு எதிரே "மேலும்" என்று எழுதியிருந்தேன். "மேலும் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டாள். ஒன்றும் செய்ய வேண்டாம். வரலாற்றில் அது உம்மையாகவே இருக்கட்டும், இந்த வாக்கியத்தில் அது எதையும் சேர்க்கவில்லை. ஆகவே அவும் என்பதை வெட்டாமல் ஒரே விகுதியாக வைத்து, "பணிவான ஏவல்" என்று எழுதினேன். யாரை ஏவுகிறது என்பது வினையில் தெரியாது. நீயும் இல்லை, நீங்களும் இல்லை. பலகைக்கு ஏற்ற வினைமுற்று. மராத்தியின் க்யாவே அதே வேலையைச் செய்வதால் அவள் உடனே பிடித்துக்கொண்டாள். எச்சரிக்கையாக இரண்டு வாக்கியங்கள் சேர்த்தேன்: "பரிசு பெறவும் படம் எடுத்துக்கொள்ளவும் மேடையேறினார்" என்பதில் உம் உண்மையிலேயே சேர்க்கிறது. "மணி அடிக்கவும் பிள்ளைகள் ஓடினார்கள்" என்பதில் அடித்த உடனே என்று பொருள். குறிப்பின் கடைசி வரி: ஒரே ஒரு வும் இருந்தால் ஏவல், இரண்டு வும் அடுத்தடுத்து வந்தால் சேர்க்கை.

மறுநாள் வேறொரு பஸ்ஸிலிருந்து அடுத்த படம் வந்தது. "பின்புறம் ஏறவும் முன்புறம் இறங்கவும்." கீழே அவள் எழுதியிருந்தாள்: "இரண்டு வும். ஆகவே சேர்க்கை. ஏறுவதற்கும் இறங்குவதற்கும்... அப்புறம்? வாக்கியத்தின் மீதி எங்கே, அக்கா?"

குறிப்பின் கடைசி வரியை அடித்துவிட்டு மாற்றி எழுதினேன்: எத்தனை வும் வந்தாலும், அவற்றுக்குப் பின்னால் வேறு வினைமுற்று இருக்கிறதா என்று பார், இருந்தால் சேர்க்கை அல்லது உடனிகழ்ச்சி, இல்லையென்றால் ஒவ்வொன்றும் தனி ஏவல்.